கல்லாவை நிரப்புவது எந்தச் சரக்கு? பட்டியல் போட்டுப் பார்க்கும் முறை

கடையில் எது அதிகம் ஓடுகிறது என்று கேட்டால், எல்லா மளிகைக் கடைக்காரரும் உடனே பதில் சொல்வார்கள். அந்தப் பதிலில் முதல் இரண்டு சரக்கு சரியாக இருக்கும். அதற்குக் கீழே வருவது பெரும்பாலும் மனக்கணக்குதான். விற்பனைத் தொகையை வைத்துச் சரக்குகளை வரிசைப்படுத்தும் பரேட்டோ முறையில் அதை ஒரே மாலையில் சரிபார்த்துவிடலாம்.

பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து மூன்று மாதத்துக்கான பொருள்வாரி விற்பனை அறிக்கையை எடுங்கள். தீபாவளியோ பொங்கலோ அதற்குள் வந்தால் நெய்யும் வெல்லமும் மேலே ஏறி நிற்கும். அப்போது முழு ஆண்டுக் கணக்கை எடுப்பதே நல்லது. திரும்பி வந்த சரக்கின் தொகையைக் கழித்துவிடுங்கள். ஜி.எஸ்.டி. விகிதம் பொருளுக்குப் பொருள் மாறுவதால், வரி சேராத தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வருவது பட்டியலைச் சுத்தம் செய்யும் வேலை. நேரத்தை இதில்தான் செலவழிக்க வேண்டும். எம்.ஆர்.பி. மாறும்போதெல்லாம் பலர் புதிய ஐட்டமாகப் பதிந்துவிடுகிறார்கள். அதனால் ஒரே எண்ணெய் இரண்டு மூன்று வரிகளாகச் சிதறிக் கிடக்கும். சில்லறையாக நிறுத்துக் கொடுத்த சர்க்கரை ‘இதர’ என்ற பெயரில் பில்லாகியிருக்கும். ‘இதர’ வரி முதல் பத்துக்குள் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று தெரியாமல் மேற்கொண்டு போடும் கணக்கை நம்ப முடியாது.

சுத்தம் செய்த பட்டியலில் A பத்தியில் பெயர், B பத்தியில் தொகை இருக்கட்டும். தொகை பெரிதிலிருந்து சிறிதாக வரும்படி வரிசைப்படுத்துங்கள். 40 சரக்குகள் இருந்தால் C2 கட்டத்தில் இதைத் தட்டிக் கடைசி வரி வரை இழுத்துவிடுங்கள்:

```
=SUM($B$2:B2)/SUM($B$2:$B$41)
```

பத்தியைச் சதவீத வடிவத்துக்கு மாற்றினால், மேலிருந்து அந்த வரி வரை மொத்த விற்பனையில் எத்தனை பங்கு சேர்ந்திருக்கிறது என்று தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு. மூன்று மாத விற்பனை ₹15,00,000 என்று வைத்துக்கொள்வோம். அரிசி ₹3,90,000, எண்ணெய் ₹2,85,000, துவரம்பருப்பு ₹1,80,000, சர்க்கரை ₹1,35,000, உளுந்து ₹1,20,000, டீத்தூள் ₹90,000. C பத்தியில் 26%, 45%, 57%, 66%, 74%, 80% என்று வரும். 40 சரக்கில் ஆறே ஆறு, ஐந்தில் நான்கு பங்கு விற்பனையைத் தாங்குகின்றன. எண்ணெய் பழைய விலையில் ₹1,65,000, புதிய விலையில் ₹1,20,000 என்று இரண்டு வரியாகக் கிடந்திருந்தால், துவரம்பருப்புக்குக் கீழே போயிருக்கும்.

80, 20 என்ற எண்களைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். உங்கள் கடையில் கோடு 70 சதவீதத்திலேயே விழலாம். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே தொகை சட்டென்று சரியும் இடத்தில் கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே உள்ளவற்றை மட்டும் பிராண்டு, பாக்கெட் அளவு வாரியாக இன்னொரு முறை பிரித்துப் பாருங்கள்.

இந்தப் பட்டியல் இரண்டு விஷயங்களைச் சொல்லாது. முதலாவது, சரக்கு இல்லாமல் போன நாட்கள். அந்த 90 நாளில் உளுந்து 30 நாள் கடையில் இல்லை என்றால், ₹1,20,000 விற்றது 60 நாளில்தான். ஒரு நாளைக்கு ₹2,000. முழுக்க இருந்திருந்தால் துவரம்பருப்புக்குச் சமமாக ₹1,80,000 வந்திருக்கும். கொள்முதல் பில்களின் தேதியைப் பார்த்தால் இந்த இடைவெளி பிடிபடும்.

இரண்டாவது, லாபம். சர்க்கரையில் 3%, டீத்தூளில் 12% நிற்கிறது என்றால், சர்க்கரை தருவது ₹4,050, டீத்தூள் தருவது ₹10,800. ஆகவே D பத்தியில் லாபத் தொகையைப் போட்டு, அதை வைத்தும் ஒரு முறை வரிசைப்படுத்துங்கள். இரண்டு பட்டியலிலும் மேலே நிற்பவை ஒரு நாள்கூடத் தீர்ந்துபோகக் கூடாதவை. அவற்றின் இருப்பைத் தினமும் பாருங்கள். விற்பனையில் மட்டும் மேலே இருப்பவற்றுக்குக் கொள்முதல் விலையைக் குறைத்துப் பேசுவதில் கவனம் வையுங்கள்.

கீழே கிடக்கும் 34 சரக்கையும் கழித்துக் கட்டலாம் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். மாதச் சாமான் சிட்டையோடு வருபவருக்குக் கடுகும் பெருங்காயமும் இதே கடையில் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் அரிசியையும் அடுத்த கடையிலேயே வாங்கிக்கொள்வார். எனவே ஒரு சரக்கை நிறுத்தும் முன் அது இடம்பெற்ற பில்களை எடுத்துப் பாருங்கள். பெரிய பில்களில் வந்தால் கொஞ்சமாகவாவது வைத்திருங்கள். மூன்று மாதத்தில் ஒன்றிரண்டு பில்லில், அதுவும் தனியாக மட்டுமே போயிருந்தால், இருப்பு தீர்ந்ததும் மறுபடி வாங்காதீர்கள்.