புது மளிகைக் கடையின் மாத வரவு செலவை முன்கூட்டியே கணிக்க…

கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் தெருவில் மளிகைக் கடை போடுகிறவர்கள் லாபத்தைச் சரியாகவே கணக்குப் போடுகிறார்கள். கல்லாவில் பணம் என்றைக்கு வந்து சேரும் என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சரக்கு நன்றாக ஓடியும் மூன்றாம் மாதம் மொத்தக் கடைக்காரருக்குப் பணம் கட்ட முடியாமல் போவது இதனால்தான்.

1. நாற்பது பக்க நோட்டு போதும். பக்கத்துக்கு ஒரு மாதம். மேலே கையிருப்பு, அடுத்து அந்த மாதம் கைக்கு வரும் பணம், அதன் கீழே கையை விட்டுப் போகும் பணம், கடைசியில் மிச்சம். இந்த மிச்சமே அடுத்த பக்கத்தின் கையிருப்பு. விற்றது எவ்வளவு என்பது இந்த நோட்டுக்கு வேண்டாம்; வசூலானது மட்டும் ஏற வேண்டும்.

2. கடன் சொல்லி வாங்குகிறவர்களை மூன்றாகப் பிரியுங்கள். கேரள ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போய் வருகிறவர்களுக்கு வாரக்கூலி. கூலி கிடைத்ததும் பாக்கி வரும். மாதச் சம்பளக்காரர் அடுத்த மாதம் முதல் வாரத்தில் கொடுப்பார். நெல் விவசாயி அறுவடை முடிந்துதான் கொடுப்பார். மூன்றையும் ஒரே ‘பாக்கி’யாக எழுதினால் கணிப்பு தப்பிவிடும்.

3. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஜூனில் கடை திறக்கிறீர்கள். சரக்கு நிரப்பியது போகக் கையில் 50,000 ரூபாய். மாத விற்பனை 2,00,000. அதற்கு ஈடாகத் திரும்பச் சரக்கு வாங்க 1,76,000. வாடகை, மின்சாரம், வண்டிக் கூலிக்கு 12,000. வீட்டுச் செலவுக்கு 12,000. ஏட்டில் வரவும் செலவும் சரிக்குச் சரி, நஷ்டமே இல்லை.

இனி வசூலைப் பாருங்கள். ரொக்க விற்பனை 1,30,000. வாரக்கூலிக்காரர் பற்று 40,000. அதில் கடைசி வாரத்து 10,000 மட்டும் அடுத்த மாதத்துக்குத் தள்ளும். சம்பளக்காரர் பற்று 20,000, விவசாயிகள் பற்று 10,000. ஆக ஜூனில் கைக்கு வருவது 1,60,000, போவது 2,00,000. மிச்சம் 10,000. ஜூலையில் பழைய பாக்கிகளும் சேர்ந்து 1,90,000 வரும். போவது அதே 2,00,000. கல்லா காலி. ஆகஸ்டில் 10,000 துண்டு விழும், செப்டம்பர் முடிவில் அது 20,000 ஆகும். மாதாமாதம் 10,000 விவசாயிகளின் பற்றில் போய் நிற்பதுதான் காரணம்.

4. இதற்கு வழியும் அதே நோட்டில் தெரியும். விவசாயிகள் பற்றில் பாதியை, அதாவது 5,000 ரூபாயை, அந்தந்த மாதமே வாங்கிவிட்டால் ஜூன் மிச்சம் 15,000, ஜூலை 10,000, ஆகஸ்ட் 5,000. செப்டம்பரில் கல்லா காலியாகும், ஆனால் துண்டு விழாது. “மாமா, பாதி இப்ப குடுங்க, மீதிய அறுப்பு முடிஞ்சு பாத்துக்கலாம்” என்று முதல் மாதமே சொல்லிவிடுங்கள். நான்கு மாதப் பாக்கி ஏறிய பிறகு சொன்னால் மனக்கசப்புதான் வரும்.

5. அறுவடை மாதத்தை உத்தேசமாக எழுதாதீர்கள். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கும் பெரியாறு அணைத் தண்ணீர்தான் ஆதாரம். ஜூன் தொடக்கத்தில் திறந்தால் அக்டோபர் வாக்கில் முதல் போகம் அறுப்பார்கள். தண்ணீர் திறப்பது ஒரு மாதம் தள்ளினால் உங்கள் வசூலும் ஒரு மாதம் தள்ளும்; அன்றைக்கே நோட்டைத் திருத்துங்கள். திராட்சைத் தோட்டக்காரருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, ஒவ்வொரு தோட்டத்திலும் பறிப்பு வெவ்வேறு மாதம் வரும். அவரிடமே கேட்டு எழுதுங்கள்.

6. தென்மேற்குப் பருவமழை வலுத்து, ஜீப் மலையேறாத வாரங்களில் கூலி இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாதத்துக்கு ஒரு வாரத்து வசூல் வராது என்றே வைத்துக் கணித்தால் ஏமாற மாட்டீர்கள்.

7. புதுக் கடைக்கு மொத்த வியாபாரி கடன் தர யோசிப்பார். ஒழுங்காகச் சில மாதம் வாங்கிய பிறகு ‘பில் டு பில்’ கேளுங்கள்: புதுச் சரக்கு இறக்கும்போது பழைய பில்லுக்குப் பணம். வாரம் 44,000 ரூபாய்ச் சரக்கு எடுக்கிறவருக்கு அந்த அளவு பணம் ஒரு வாரம் கையில் நிற்கும். ஒரு வாரம் தவறினால் அடுத்த லோடு வராது என்பதால், அந்தப் பணத்தைத் தீபாவளிச் சரக்கில் முடக்காதீர்கள்.

8. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். ஃப்ரிட்ஜ் ஓடும் கடையில் அது கணிசமான தொகை. கட்ட வேண்டிய மாதத்தில் முழுத் தொகையையும் எழுதுங்கள்.

9. கடையிலிருந்து வீட்டுக்கு எடுக்கும் எண்ணெய், பருப்பையும் விலை போட்டு வீட்டுச் செலவு 12,000-க்குள் சேருங்கள்.

10. ஞாயிறு இரவு கல்லாவை எண்ணி நோட்டோடு ஒப்பிடுங்கள். பணம் குறைந்தால் முதலில் பற்று நோட்டைக் கூட்டுங்கள். பாக்கி ஏறியிருந்தால் வசூல் தாமதம். பாக்கி ஏறவில்லை, அலமாரி மட்டும் நிறைந்திருக்கிறது என்றால் ஓடாத சரக்கில் பணம் நிற்கிறது; அந்தச் சரக்கை அடுத்த பட்டியலில் எழுதாதீர்கள். இரண்டும் இல்லையென்றால் எடையையும் விலையையும் பாருங்கள், மூட்டை விலை ஏறியும் பழைய சில்லறை விலைக்கே விற்றுக்கொண்டிருப்பீர்கள்.