முத்திரையில் இருப்பது சென்னைத் தேதி

கேள்வி: 2021 பிப்ரவரியில் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இங்கிலாந்து வந்தேன், நர்ஸ் வேலை. நிரந்தர வசிப்புரிமைக்கு (ஐ.எல்.ஆர்.) விண்ணப்பிக்கப் போகிறேன். நாட்டை விட்டு வெளியே போன ஒவ்வொரு பயணத்துக்கும் போன தேதி, வந்த தேதி, காரணம் மூன்றையும் கேட்கிறார்கள். நடுவில் பாஸ்போர்ட் புதுப்பித்தேன். பழையதில் பல முத்திரைகள் மங்கிவிட்டன. சில பயணங்கள் தேதியே நினைவில்லை. எப்படித் திரட்டுவது? ஒரு நாள் பிசகினால் சிக்கலா?
– வாசகி, லெஸ்டர்

பதில்: பெரும்பாலானோர் பாஸ்போர்ட்டை விரித்து வைத்துக்கொண்டு முத்திரைகளைப் பார்த்து எழுதத் தொடங்குவார்கள். பிசகு அங்கேதான் ஆரம்பிக்கிறது. பிரிட்டனை விட்டுக் கிளம்பும்போது யாரும் முத்திரை குத்துவதில்லை. விசாவில் வசிப்பவர் திரும்பி வரும்போதும் பெரும்பாலும் குத்துவதில்லை. பாஸ்போர்ட்டில் இருப்பவை சென்னை விமான நிலையத்து முத்திரைகள். விண்ணப்பம் கேட்பதோ பிரிட்டனை விட்ட தேதியும் பிரிட்டனில் கால் வைத்த தேதியும்.

ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 2022 டிசம்பர் 14 மதியம் ஹீத்ரோவில் விமானம் ஏறுகிறார். சென்னையில் இறங்குவது 15 விடிகாலை; முத்திரையும் 15. திரும்பும்போது ஜனவரி 8 இரவு சென்னையில் குடியேற்றச் சோதனை முடிகிறது, முத்திரை 8. வளைகுடா வழியாக மாறி லண்டன் வந்து சேர்வது 9 காலை. முத்திரையை நம்பி எழுதினால் டிசம்பர் 15 முதல் ஜனவரி 8 வரை. உண்மையில் டிசம்பர் 14 முதல் ஜனவரி 9 வரை.

புறப்பட்ட நாளும் வந்த நாளும் கணக்கில் சேராது. முழுதாக வெளியே இருந்த நாள்களை மட்டும்தான் எண்ணுவார்கள். அப்படி எண்ணினால் சரியான விடை 25 நாள், முத்திரைப்படி 23 நாள். ஒரு பயணத்துக்கு இரண்டு நாள் என்றால் ஏழு பயணத்துக்குப் பதினான்கு. பயணிகள் விவரத்தை விமான நிறுவனங்கள் முன்கூட்டியே உள்துறைக்கு அனுப்பிவிடுகின்றன. 2015 ஏப்ரலிலிருந்து வெளியேறுவோரின் பதிவும் அங்கே சேர்கிறது. ஆகவே விண்ணப்பத்தை ஒப்பிட்டுப் பார்க்க அதிகாரிக்கு வழி உண்டு. பாரிஸுக்கு ரயிலில் போனால் கதை வேறு: பிரெஞ்சு முத்திரை லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலேயே விழுந்துவிடும். அங்கே முத்திரைத் தேதியே புறப்பட்ட தேதி. ஆனால் 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதில் கணினிப் பதிவு படிப்படியாக வந்துவிட்டது. அண்மைப் பயணங்களுக்கு அதையும் நம்பி இருக்க முடியாது.

அப்படியானால் எதை நம்புவது? முதலில் மின்னஞ்சல். விமான டிக்கெட், செக்-இன் செய்தி, போர்டிங் பாஸ் எல்லாம் அங்கே கிடக்கும். தேடும்போது ஓர் எச்சரிக்கை: டிக்கெட் எடுத்ததெல்லாம் பயணம் ஆகாது. வாசகி வந்த 2021-இல் கொரோனாவால் ரத்தானவையும் தேதி மாறியவையும் ஏராளம். பணம் திரும்பி வந்த டிக்கெட்டைப் பயணமாக எழுதிவிட்டால், போகாத ஊருக்கு வழி எழுதியதாகிவிடும். அதனால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் இன்னொரு சாட்சி வேண்டும்: அந்த நாள்களில் சென்னையில் கார்டு தேய்த்த வங்கிக் கணக்கு, போனில் எடுத்த படத்தின் தேதி, அல்லது அதே முத்திரை. முத்திரை இங்கே சாட்சியாகப் பயன்படும், தேதி தர மட்டும் உதவாது. மருத்துவமனையின் விடுமுறைப் பதிவு பயணம் நடந்த மாதத்தைப் பிடிக்க உதவும், அவ்வளவுதான். விடுமுறை எடுத்து வீட்டிலேயே இருந்த வாரமும் அதில் இருக்குமே.

இதோடு, விண்ணப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே உள்துறையிடம் தன்னைப் பற்றிய தகவலைக் கேட்டு வாங்குவது நல்லது. தகவல் பாதுகாப்புச் சட்டப்படியான உரிமை இது. கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். பயணப் பதிவு வேண்டும் என்று குறிப்பிட்டே கேட்க வேண்டும். வருவதும் முழுமையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. போனது இருந்து வந்தது இல்லாத வரிகள் வரலாம். மிக முக்கியமான ஓட்டை அயர்லாந்து. பொதுப் பயணப் பகுதி என்பதால் டப்ளின் போய் வந்ததற்கு வெளியேறும் சோதனை கிடையாது, பிரிட்டன் முத்திரையும் கிடையாது. ஆனாலும் அது பிரிட்டனுக்கு வெளியே இருந்த காலம்தான். நண்பர்களோடு போன வார இறுதி டப்ளின் பயணம்தான் பலர் பட்டியலில் விடுபடுவது.

ஒரு நாள் பிசகினால் விண்ணப்பம் விழுந்துவிடாது. நினைவுப் பிழைக்கும் வேண்டுமென்றே மறைத்ததற்கும் வித்தியாசம் உண்டு. ஒரு தேதி உறுதியாகத் தெரியாவிட்டால், இது தோராயம், இந்தச் சான்றை வைத்து எழுதியது என்று உடன் வைக்கும் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கலாம். நாள்கள் எல்லையை ஒட்டி நிற்கும்போதுதான் ஒரு நாளுக்கு உயிர் வருகிறது.

எல்லை 180 நாள். ஆண்டுக்கு 180 என்றுதான் பலரும் படித்துக்கொள்கிறார்கள், எந்த ஆண்டு என்று கேட்பதில்லை. விதி சொல்வது எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் 180. வாசகியைப் போன்ற ஒருவர் அப்பாவின் சிகிச்சைக்காக 2023 ஜூன் 10 கிளம்பி செப்டம்பர் 20 திரும்பினார் என்று வைப்போம். அது 101 நாள். அப்பா இறந்த பிறகு 2024 மார்ச் 1 கிளம்பி மே 25 வந்தார், 84 நாள். காலண்டர்படி 2023-க்கு 101, 2024-க்கு 84, இரண்டும் பத்திரம். 2023 ஜூன் 10 முதல் 2024 ஜூன் 9 வரையான பன்னிரண்டு மாதத்தை எடுங்கள்: 185. ஐந்து நாள் கூடுதல்.

அதற்கும் வழி உண்டு. நெருங்கிய உறவினரின் உயிருக்கு ஆபத்தான நோய், மரணம் போன்ற காரணங்களால் கழிந்த நாள்களை விலக்கிக்கொள்ள விதியே இடம் தருகிறது. மருத்துவமனைச் சான்று, இறப்புச் சான்றிதழ், அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாம் உடன் வைக்க வேண்டும். சான்றில் உள்ள தேதிகள் பயணப் பட்டியலோடு ஒத்துப் போகவும் வேண்டும். இதே இரண்டு பயணத்துக்கும் முத்திரைத் தேதியை எழுதி 181 என்று கணக்கு காட்டியவர், சான்று தர வேண்டிய நாள்களையும் தப்பாகவே குறித்திருப்பார்.

நம் குடும்பங்களில் இன்னொன்று அடிக்கடி நடக்கிறது. கணவரோ மனைவியோ சார்ந்தவர் விசாவில் இருந்தால் 180 நாள் விதி அவருக்கும் உண்டு. 2018 ஜனவரி 11-க்குப் பின் விசா பெற்றவர்களுக்கு இது பொருந்தும். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு ஊருக்குப் போய், தலைப்பிரசவம் தாய்வீட்டில் முடிந்து, குழந்தைக்கு ஐந்தாம் மாதம் திரும்பினால் அந்த ஒரே பயணம் 180-ஐத் தாண்டிவிடும். வேலை விசாவில் இருப்பவரின் பட்டியல் சுத்தமாக இருந்தும் துணையின் விண்ணப்பம் தனியே தேங்குவது இதனால்தான். ஆகவே பட்டியலை ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனியே போட வேண்டும். சேர்ந்து போனாலும் சேர்ந்தே திரும்பியிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஐந்து ஆண்டு என்ற கெடுவைப் பொதுவாகப் பத்தாக்கும் திட்டத்தை அரசு 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் முன்வைத்தது. தனக்கு எந்த விதி பொருந்தும் என்பதை வாசகி விண்ணப்பிக்கும் அன்று உள்துறையின் பக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். காத்திருக்க வேண்டி வந்தால், இனி ஒவ்வொரு முறை திரும்பி வந்த அன்றே போர்டிங் பாஸை ஒரு படம் எடுத்து ஒரே கோப்பில் போட்டு வைக்கட்டும், டப்ளின் பயணம் உட்பட.