ஏட்டுச் சுரைக்காயும் கடை இருப்பும்

பில் போடும் கவுன்டரில் பார்கோடு படிக்கப்படும் ஒவ்வொரு முறையும் எந்தப் பொருள், எந்தக் கடையில், எத்தனை விற்றது என்ற பதிவு உருவாகிறது. பல சிறு கடைகளை நடத்தும் நிறுவனங்கள் இப்பதிவுகளை இரவுதோறும் திரட்டி, குறைந்த சரக்குக்குக் கிடங்கிலிருந்து தானாகவே ஆர்டர் செல்லும்படி அமைக்கின்றன. இம்முறையைப் பற்றி நிலவும் மூன்று நம்பிக்கைகள் இங்கே ஆராயப்படுகின்றன.

நம்பிக்கை 1: இன்று விற்றதை நாளை அனுப்பினால் போதும்.

உண்மை: விற்ற அளவை மட்டும் நிரப்பும் முறை, தொடக்கத்தில் இருந்த இருப்பை அப்படியே காத்துவருமேயன்றி, அந்த இருப்பு கடைக்குப் பொருத்தமானதா என்று கேட்பதில்லை. அதனால் ஒவ்வொரு பொருளுக்கும், எந்த அளவுக்குக் கீழே போனால் ஆர்டர் செல்ல வேண்டும் என்ற எல்லை வகுக்கப்படுகிறது. இது மறுஆர்டர் மட்டம் எனப்படும். ஒரு கடையில் 1 கிலோ துவரம் பருப்புப் பாக்கெட் நாளொன்றுக்குச் சராசரியாக 6 விற்கிறது என்றும், ஆர்டர் போட்டபின் சரக்கு வந்துசேர 2 நாள் ஆகிறது என்றும் கொள்வோம். கணக்கு இரவில் ஒருமுறை மட்டுமே பார்க்கப்படுவதால் அதற்கென ஒரு நாளைச் சேர்த்து, 3 நாள் விற்பனையான 18 பாக்கெட்டோடு, விற்பனை திடீரென ஏறினால் ஈடுகொடுக்க 6 பாக்கெட்டையும் கூட்டினால் மட்டம் 24 ஆகும். திங்கள் இரவு இருப்பு 20 என்றால், 12 பாக்கெட் கொண்ட ஒரு பெட்டிக்கு ஆர்டர் செல்லும். செவ்வாய் இரவு இருப்பு 14 ஆகிவிட்டாலும், வழியில் வரும் 12ஐச் சேர்த்தால் 26 என்பதால் புதிய ஆர்டர் தேவையில்லை; வரவிருக்கும் சரக்கைக் கணக்கில் எடுக்காத நிரலோ இன்னொரு பெட்டியை வரவழைத்து, இடமில்லாத சிறு கடையில் சரக்கைக் குவித்துவிடும்.

நம்பிக்கை 2: இருப்பு எவ்வளவு என்பது கணினிக்குத் தெரியும்.

உண்மை: கணினி அறிந்தது, வந்ததாகப் பதிந்த அளவிலிருந்து விற்றதாகப் பதிந்த அளவைக் கழித்துப் பெறும் எண் மட்டுமே. ஒரே விலையுள்ள சந்தன சோப்பு இரண்டையும் எலுமிச்சை சோப்பு இரண்டையும் வாங்குபவருக்கு, அவசரத்தில் சந்தன சோப்பின் பார்கோடே நான்கு முறை படிக்கப்பட்டால், தொகை சரியாக இருந்தும் இரு சோப்புகளின் இருப்பும் தவறாகிவிடும். நிக்கோல் டிஹொரேஷியஸ், அனந்த் ராமன் ஆகியோர் ஒரு சில்லறை நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறக்குறைய 3,70,000 இருப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், 65 விழுக்காடு பதிவுகள் உண்மை இருப்போடு பொருந்தவில்லை.

இத்தவறுகளில் மிகக் கொடியது, அலமாரியில் இல்லாத சரக்கு கணக்கில் இருப்பதாகும். மேற்கண்ட கடையில் ஒரு பெட்டி பருப்பு இறங்கியதை மூன்று பெட்டி என்று பதிந்துவிட்டால், கடைசிப் பாக்கெட்டும் விற்றுத் தீர்ந்த பிறகு கணக்கில் 24 நிற்கும். விற்கப் பொருளில்லாததால் அந்த எண் குறையாது. எண் குறையாததால் ஆர்டரும் செல்லாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதோடு நில்லாமல், புதுச் சுரைக்காய் வருவதையும் அது தடுத்துவிடுகிறது.

இதைக் கண்டறியும் வழி அதே விற்பனைப் பதிவிலேயே உள்ளது. நாளுக்கு 6 விற்கும் பொருள், கணக்கில் இருப்பு இருந்தும் மூன்று நாள் தொடர்ந்து ஒன்றுகூட விற்காமலிருப்பது தற்செயலாக நிகழ அநேகமாக வாய்ப்பே இல்லை. அத்தகைய பொருள்களின் பட்டியலைக் காலையில் கடைக்கு அனுப்பி, ஊழியர் அலமாரியைப் பார்த்து எண்ணைத் திருத்தினால், அன்றிரவே ஆர்டர் சென்றுவிடும். வாரத்துக்கு ஒன்று விற்கும் பொருளுக்கு மூன்று நாள் மௌனம் இயல்பே என்பதால், காத்திருக்கும் நாள்கள் விற்பனை வேகத்துக்கேற்ப மாற வேண்டும்.

நம்பிக்கை 3: விற்கவில்லை என்றால் தேவையில்லை என்று பொருள்.

உண்மை: பொருள் இல்லாத நாளில் வந்து வெறுங்கையோடு திரும்பியவரைப் பற்றிக் கவுன்டரில் எந்தப் பதிவும் இல்லை. 28 நாளில் 7 நாள் பருப்பு தீர்ந்திருந்து, மற்ற 21 நாளில் 126 பாக்கெட் விற்றிருந்தால், 28ஆல் வகுக்கும் நிரல் சராசரியை 4.5 என்று காட்டும். பொருள் இருந்த 21 நாளால் வகுத்தால்தான் உண்மையான 6 கிடைக்கும். தவறான சராசரி மறுஆர்டர் மட்டத்தைத் தாழ்த்துவதால் பொருள் மேலும் அடிக்கடி தீரும். தீரத் தீரச் சராசரி இன்னும் இறங்கும்.

கடந்தகால விற்பனையால் சொல்ல முடியாதவை வேறும் உண்டு. 1982இல் விற்பனைப் பதிவுக் கருவிகளைக் கொண்டுவந்த ஜப்பானின் செவன்-இலெவன், நாளைய வானிலையையும் அருகில் நடக்கும் நிகழ்ச்சிகளையும் கொண்டு ஆர்டரை ஊகிக்கும் பொறுப்பைக் கடைப் பணியாளரிடமே விட்டு, ஊகம் சரிதானா என்று சோதிக்கவே பதிவுகளைப் பயன்படுத்தியது. பருப்பைப் போல நிதானமாக விற்கும் பொருளுக்குத் தானியங்கி ஆர்டர் தகும். தெருமுனைக் கோயில் திருவிழாவுக்கு எத்தனை தண்ணீர் பாட்டில் வேண்டும் என்பதை அந்தத் தெருவில் கடை நடத்துபவரே முன்னதாகச் சொல்ல முடியும் என்பதால், அவர் ஆர்டரைத் திருத்துவதற்கான இடம் முறையிலேயே இருக்க வேண்டும்.