100 பீஸில் 5 குறை இருந்தால் லாட்டைத் தள்ளலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரப் பரிசோதகராக வேலை பார்க்கிறேன். 6,000 டி-சர்ட் கொண்ட ஒரு லாட்டில் குறையுள்ள பீஸ் 2 சதவீதத்துக்கு மேல் போகாது என்று தைத்துக் கொடுத்த யூனிட் உறுதி சொன்னது. நான் 100 பீஸ் எடுத்துப் பார்த்ததில் 5 குறையுள்ளவை. கல்லூரியில் படித்த சூத்திரத்தைப் போட்டேன். Z மதிப்பு 2.14, நிகழ்தகவு 1.6 சதவீதம் வந்தது. 5 சதவீதத்துக்குக் கீழே இருப்பதால் லாட்டைத் திருப்பி அனுப்பலாம் என்றேன். இந்தச் சூத்திரம் இங்கே செல்லாது என்கிறார் எங்கள் மேலாளர். மாதிரி 30-ஐத் தாண்டினால் இயல்நிலைப் பரவலைப் பயன்படுத்தலாம் என்றுதானே படித்தோம்? நான் 100 எடுத்திருக்கிறேனே?

பதில்: உங்கள் மேலாளர் சொல்வது சரி. நீங்கள் சொல்லும் 30 என்ற எண், எடை, நீளம் போன்ற அளவுகளின் சராசரிக்காகப் பாடப்புத்தகங்கள் தரும் தோராய விதி. நீங்கள் பார்ப்பது குறை உண்டா, இல்லையா என்று எண்ணிக் கிடைக்கும் விகிதம். இதற்கு எத்தனை பீஸ் எடுத்தீர்கள் என்பது மட்டும் போதாது. அந்த மாதிரியில் எத்தனை குறைகளை எதிர்பார்க்கலாம் என்பதையும் பார்க்க வேண்டும்.

யூனிட் சொன்னது உண்மை, லாட்டில் சரியாக 2 சதவீதம்தான் குறை என்று வைத்துக்கொள்வோம். அந்த லாட்டிலிருந்து 100 பீஸை எடுத்து எண்ணிவிட்டுத் திரும்பப் போட்டுக் கலக்குகிறோம். இதையே 1,000 முறை செய்தால் என்ன கிடைக்கும்? ஏறக்குறைய 133 முறை ஒரு குறைகூட வராது. 271 முறை ஒன்று, 273 முறை இரண்டு, 182 முறை மூன்று, 90 முறை நான்கு, 35 முறை ஐந்து வரும். மீதிச் சுமார் 16 முறை ஆறோ அதற்கு மேலோ வரும். மாதிரி விகிதத்தின் பரவல் என்பது இந்தப் பட்டியல்தான். இதை ஈருறுப்புப் பரவல் மிக நெருக்கமாகத் தருகிறது.

இந்தப் பட்டியலின் வடிவத்தைக் கவனியுங்கள். இடப்பக்கம் பூஜ்ஜியத்தில் மோதி நிற்கிறது, ஏனென்றால் பூஜ்ஜியத்துக்குக் குறைவாகக் குறை இருக்க முடியாது. வலப்பக்கம் மட்டும் வால் நீள்கிறது. இயல்நிலை வளைவுக்கோ இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். உங்கள் கணக்கில் சராசரி 0.02. திட்டப் பிழை √(0.02 × 0.98 ÷ 100), அதாவது 0.014. இந்த இரண்டையும் வைத்து இயல்நிலை வளைவை வரைந்தால் அதன் பரப்பில் 7.7 சதவீதம் பூஜ்ஜியத்துக்கு இடப்பக்கம் விழுகிறது. குறையுள்ள பீஸ்களின் எண்ணிக்கை மைனஸில் போவதற்கு இந்த வளைவு அவ்வளவு வாய்ப்புத் தருகிறது! இடப்பக்கம் அப்படி வீணாகப் போகிறது. வலப்பக்க வாலின் கனத்தையோ அது குறைத்துக் காட்டுகிறது. உங்கள் முடிவு நின்றது அந்த வலப்பக்க வாலின் மேல்தான்.

எவ்வளவு குறைத்துக் காட்டுகிறது என்று எக்செல்லில் நீங்களே பார்க்கலாம்:

```
=1-BINOM.DIST(4,100,0.02,TRUE)
```

ஐந்தோ அதற்கு மேலோ குறை வரும் நிகழ்தகவு 0.0508, அதாவது 5.1 சதவீதம். நீங்கள் கண்ட 1.6-ஐப் போல மூன்று மடங்கு. எல்லையை 5 சதவீதம் என்று வைத்திருக்கும்போது ஒரு கணக்கு லாட்டைத் தள்ளச் சொல்கிறது, இன்னொன்று தள்ளுவதற்கு ஆதாரம் போதாது என்கிறது. ஈருறுப்புக் கணக்குப்படி, 100 பீஸில் 6 குறையாவது கண்டால்தான் அந்த எல்லையில் லாட்டைத் தள்ள முடியும்.

இந்தச் சிக்கலுக்காகத்தான் n × p, n × (1 − p) இரண்டும் 10-க்குக் குறையக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. முதலாவது, மாதிரியில் எதிர்பார்க்கும் குறையுள்ள பீஸ்களின் எண்ணிக்கை. இரண்டாவது, நல்ல பீஸ்களின் எண்ணிக்கை. உங்களுக்கு அவை 2-ம் 98-ம். முதலாவதிலேயே நிபந்தனை உடைந்துவிட்டது. இங்கே p-க்குப் போட வேண்டியது யூனிட் சொன்ன 2 சதவீதம். நீங்கள் கண்ட 5 சதவீதத்தைப் போடக் கூடாது, ஏனென்றால் அவர்கள் சொன்னது உண்மையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் சோதிக்கிறீர்கள்.

ஏன் 10? இயல்நிலை வளைவின் பரப்பு அநேகமாக முழுவதும் சராசரியிலிருந்து இருபுறமும் மூன்று திட்டப் பிழைக்குள் அடங்கிவிடும். அந்த மூன்று திட்டப் பிழை தூரம் பூஜ்ஜியத்தைத் தாண்டாமலிருக்க n × p குறைந்தது 9 × (1 − p) இருக்க வேண்டும். மறுமுனையான 1-ஐத் தாண்டாமலிருக்க n × (1 − p) குறைந்தது 9 × p இருக்க வேண்டும். p எதுவானாலும் இந்த இரண்டும் 9-க்குள் அடங்கும். அதை முழு எண்ணாக்கி 10 என்று வைத்துக்கொண்டார்கள். சில புத்தகங்கள் 5 போதும் என்கின்றன, அது இன்னும் தளர்வான விதி. p பாதியாக இருந்தால் 20 பேரைக் கேட்டாலே நிபந்தனை நிறைவேறும். உங்கள் 2 சதவீதத்துக்கு 500 பீஸ் வேண்டும்.

500 எடுத்தால் என்ன மாறும்? எதிர்பார்க்கும் குறை 10, எண்ணிக்கையின் திட்ட விலக்கம் 3.13. இயல்நிலைக் கணக்கு 15.15-ஐத் தாண்டினால் தள்ளச் சொல்லும், அதாவது 16 குறையிலிருந்து. ஈருறுப்புக் கணக்கும் அதே 16-ஐத்தான் சொல்கிறது. 100 பீஸில் ஐந்தா ஆறா என்று பிரிந்து நின்ற இரண்டு கணக்குகள் இங்கே ஒத்துப்போகின்றன. பரவலில் கொஞ்சம் சாய்வு அப்போதும் மிச்சமிருக்கும், ஆனால் முடிவை மாற்றும் அளவுக்கு இல்லை.

ஆகவே இன்னும் 500 பீஸை எடுங்கள். முதல் 100-இன் முடிவைப் பார்த்த பிறகே இதை எடுப்பதால், அந்த 5 குறையை இதோடு கூட்டாமல் புதிய 500-ஐத் தனியாகக் கணக்கிடுங்கள். 6,000-இல் 500 என்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே எடுத்த பீஸைத் திரும்பப் போடாததால் கணக்கு பெரிதாக மாறாது.

எண்ணிக்கை 500 ஆனாலும் சரிசெய்ய முடியாத தவறு ஒன்று உண்டு. ஒரே கட்டிலிருந்து வரிசையாக எடுத்தால், ஒரே மெஷினில் ஊசி மழுங்கியிருந்த நேரத்தில் தைத்த பீஸ்கள் சேர்ந்தே வரும். அப்போது ஒரு பீஸின் குறை அடுத்ததன் குறையோடு தொடர்புடையது. மேலே சொன்ன திட்டப் பிழையும் பொருந்தாது, ஈருறுப்புக் கணக்கும் பொருந்தாது. கண்ட குறைகள் எந்தக் கட்டிலிருந்து வந்தவை என்று குறித்துவையுங்கள். பெரும்பாலானவை ஓரிரு கட்டுகளிலேயே குவிந்திருந்தால், சூத்திரத்தை மூடிவைத்துவிட்டு அந்த மெஷினைப் போய்ப் பாருங்கள். குறைகள் பல கட்டுகளில் பரவிக் கிடந்து, 500-இல் 16-ஐத் தொட்டால், லாட்டைத் திருப்பி அனுப்ப உங்களிடம் உறுதியான ஆதாரம் இருக்கிறது.