கீமோ அட்டவணையில் இரண்டு தேதிகள்

வீட்டில் நீங்கள் எழுதிவைக்கும் கீமோ அட்டவணையில் ‘திட்டமிட்ட தேதி’, ‘ஏற்றிய தேதி’ என இரண்டு கட்டங்கள் வேண்டும். 21 நாள் சுழற்சியில் ஜூன் 3 அன்று வரவேண்டிய மூன்றாவது கீமோ, நியூட்ரோஃபில் 900தான் என்பதால் ஜூன் 10க்குத் தள்ளிப்போனால், அடுத்தது ஜூலை 1. ஒரே தேதியை எழுதினால் இந்தத் தாமதமே மறைந்துவிடும். பக்கத்தில் ரத்த எண்ணிக்கை, மருந்தின் மில்லிகிராம், தள்ளிய காரணம் மூன்றும் இருந்தால்தான், அளவைக் குறைப்பதா, வெள்ளணுவை ஏற்றும் ஊசி போடுவதா என்று மருத்துவர் சட்டென எடைபோட முடியும்.

ஆஸ்பத்திரி ஃபைலில் எல்லாம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, தனித்தனித் தாளாக. வீட்டில் வந்த வாய்ப்புண் அதில் ஏறாது. வெள்ளணுக்கள் பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள்தான் அடிமட்டத்துக்கு இறங்கும். ஆகவே பக்கவிளைவு கீமோவுக்குப் பின் எத்தனையாவது நாளில் வந்தது என்றும் குறியுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மட்டும், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள், எழுதுவது அப்புறம்.