‘ஸரிகம’வும் ‘டோ ரே மீ’யும் ஒரே வகுப்பில்

தலைநகர் டில்லியில் ஒரு பள்ளியில் சேர்ந்திசைக் குழுவைப் பயிற்றுவித்து வருகிறேன். குழுவில் மூன்று வகைப் பிள்ளைகள் உண்டு. நம் தமிழ்க் குடும்பத்துக் குழந்தைகள் வீட்டருகே பாட்டு டீச்சரிடம் கர்நாடக சங்கீதம் கற்றவர்கள். வட இந்தியப் பிள்ளைகள் ஹிந்துஸ்தானி முறையில் ‘ஸா ரே கா மா’ பாடுகிறவர்கள். மிசோரம், மேகாலயாவிலிருந்து வந்த பிள்ளைகளோ ‘டோ ரே மீ’யில் ஊறியவர்கள். வேல்ஸ் நாட்டு மிஷனரிகள் அங்கே கொண்டுபோன ‘டானிக் ஸோல்ஃபா’ முறை, அவர்களுடைய தேவாலயப் பாட்டுப் புத்தகங்களில் இன்றும் அச்சாகிறது. இந்த மூவரையும் ஒரே பாட்டில் சேர்த்துப் பாடவைப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் ஒற்றுமையைச் சொல்லிவிடுகிறேன். நம் ‘ஸ’வுக்கு நிலையான இடம் கிடையாது. பாடுகிறவர் ஒரு கட்டையிலும் வைத்துக்கொள்ளலாம், ஐந்தரைக் கட்டையிலும் வைத்துக்கொள்ளலாம். டானிக் ஸோல்ஃபாவின் ‘டோ’வும் அப்படியே நகரக்கூடியது. (பிரான்ஸ், இத்தாலி நாடுகளில் ‘டோ’ என்றால் எப்போதும் ஒரு கட்டைதான். அது வேறு முறை.) ஆகவே ‘ஸ என்றால் டோ, ரி என்றால் ரே’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் போதும் என்று தோன்றும். போதாது. இரண்டு இடங்களில் தடுக்கும்.

முதல் தடை பெயரில் இருக்கிறது. ‘ஸரிகமபதநிஸ பாடுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லிப் பாருங்கள். நம் குழந்தைகள் ஸரளி வரிசையை மாயாமாளவகௌளையில் கற்றவர்கள். எனவே ரியையும் தவையும் தாழ்த்திப் பாடுவார்கள். ஹிந்துஸ்தானிப் பிள்ளைகள் பிலாவல் தாட்டைப் பாடுவார்கள். அது நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். ‘டோ ரே மீ’ பிள்ளைகள் பாடுவதும் அதுவே. எவரும் தவறாகப் பாடவில்லை. ‘ரி’ என்ற பெயர் ஒரு ஸ்தானத்தைக் குறிக்கிறதே தவிர, அதன் எந்த வகை என்று சொல்வதில்லை. அதை ராகம்தான் சொல்கிறது. ‘சுத்த ரிஷபம்’ என்று விளக்கினாலும் பயனில்லை. நமக்கு அது தாழ்ந்த ரி. அவர்களுக்கு ‘சுத்த ரே’ என்பது நம்முடைய சதுஸ்ருதி ரிஷபம்!

ஸோல்ஃபாவிலோ ஸ்வரம் அரை ஸ்தானம் உயர்ந்தால் உயிரெழுத்தும் மாறும். ‘ஃபா’ உயர்ந்தால் ‘ஃபீ’, ‘ஸோ’ உயர்ந்தால் ‘ஸீ’. பாடும் பிள்ளைக்குப் பெயரே எச்சரிக்கை கொடுத்துவிடுகிறது.

இந்த வசதி நம்மிடமும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். மேளகர்த்தா முறையில் ர-ரி-ரு, க-கி-கு, ம-மி, த-தி-து, ந-நி-நு என்று ஸ்வர வகைகளுக்குத் தனிப் பெயர்கள் இருக்கின்றன. அகரம் தாழ்ந்தது, இகரம், உகரம் என்று போகப் போக உயர்ந்தது. மாயாமாளவகௌளையை இம்முறையில் சொன்னால் ‘ஸ ர கு ம ப த நு’. சங்கராபரணம் ‘ஸ ரி கு ம ப தி நு’. ரவும் தவும்தான் மாறியிருக்கின்றன என்பது கேட்டவுடனே புரிந்துவிடுகிறது. நான் குழுவில் இதையே பயன்படுத்துகிறேன். ஹிந்துஸ்தானிப் பிள்ளைகளும் இரண்டு மூன்று வகுப்புகளில் பழகிவிடுகிறார்கள்.

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. மேல்நாட்டார் ‘மைனர்’ என்று சொல்லும் பாட்டுகளில் அது தலைகாட்டும். ஸ்வர அளவில் மைனர் என்பது நம் நடபைரவி: ஸ ரி கி ம ப த நி. நமக்கு எந்த ராகமானாலும் ஆதாரம் ‘ஸ’தான். ஆனால் டானிக் ஸோல்ஃபாவில் மைனர் பாட்டின் ஆதாரம் ‘லா’. அதே ஏழு ஸ்வரங்களை அவர்கள் லா டீ டோ ரே மீ ஃபா ஸோ என்று பாடுவார்கள். நம் ‘கி’ இருக்கும் இடத்தில்தான் அவர்களுடைய ‘டோ’ இருக்கிறது.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். பாட்டுக்குச் சுருதி இரண்டு கட்டை என்று கொள்வோம். (பள்ளிக்குழுவுக்கு இது வசதியான சுருதி. குரல் உடைந்த பையன்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடிக்கொள்ளலாம்.) ஆர்மோனியத்தில் இரண்டு கட்டையை அழுத்தி, ‘இதுதான் ஸ, இதுதான் டோ’ என்று சொன்னால், மிசோரம் பிள்ளைகள் அங்கிருந்து மேஜர் வரிசையைத் தொடங்கிவிடுவார்கள். மூன்றாவது ஸ்வரத்திலேயே இரண்டு அணியும் மோதும். அவர்களுக்கு நாலு கட்டையைக் கொடுத்து ‘இது டோ’ என்று சொல்ல வேண்டும். அங்கிருந்து டோ, டீ, லா என்று இறங்கி வந்தால், இரண்டு கட்டையில் நம் ‘ஸ’வோடு வந்து சேர்ந்துகொள்வார்கள்.

இனி நான் பயிற்சிக்காக எழுதிக் கொடுக்கும் ஒரு சிறு வரி:

ப ம கி ரி ஸ நு ஸ — ஸ நி த ப
மீ ரே டோ டீ லா ஸீ லா — லா ஸோ ஃபா மீ

முதல் பாதியில் நிஷாதம் கீரவாணியில் வருவதுபோல் உயர்ந்தது. பின்பாதியில் நடபைரவியின் தாழ்ந்த நிஷாதம். மைனர் பாட்டுகளில் இப்படி இரண்டும் கலந்து வருவது சகஜம். இரண்டையும் வெறும் ‘நி’ என்றே பாடினால், நம் குழந்தைகள் முதல் பாதியிலேயே தாழ்ந்த நியைப் பிடித்துவிடுவார்கள். அல்லது உயர்ந்ததையே கடைசிவரை இழுத்துக்கொண்டு போவார்கள். ‘நு’, ‘நி’ என்று பிரித்துச் சொன்னால் அந்தத் தடுமாற்றம் வெகுவாகக் குறைகிறது. சரிபார்க்க ஆர்மோனியம் போதும். இரண்டு கட்டை ஸவுக்கு, அடுத்து ஒட்டியிருக்கும் ஒன்றரைக் கட்டை நு. ஒன்றைத் தாண்டினால் வரும் ஒரு கட்டை நி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு குரல் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் கியும் நுவும் அசையாமல் நிற்க வேண்டும். கமகத்தில் பழகிய நம் பிள்ளைகள் தம்மையறியாமல் அவற்றை அசைப்பார்கள். ஓர் அணி ஸவில் நிற்க, இன்னோர் அணி கியைப் பிடிக்கட்டும். சேர்ந்த ஒலி விட்டுவிட்டு அலையடித்தால் யாரோ அசைக்கிறார்கள் என்று பொருள். அப்போது அந்த ஸ்வரத்தை ‘ஊ’காரத்தில் நீளமாகப் பிடிக்கச் சொல்வேன்.

எங்கள் குழுவில் ‘ஸ’ மாறாத பாட்டுகளுக்கு ஸரிகமவே தலைமை. ஆனால் பாட்டின் நடுவே ஆதார ஸ்வரமே இடம் மாறினால் ஸோல்ஃபா முந்திக்கொள்கிறது. கடைசிச் சரணத்தை ஒரு முழு ஸ்வரம் உயர்த்திப் பாடும் வழக்கம் சேர்ந்திசையில் உண்டு. ‘பழைய ரே இனிப் புது டோ’ என்றால் அந்தப் பிள்ளைகளுக்குப் போதும். நம் குழந்தைகளுக்கு ஒலித்துக்கொண்டிருக்கும் சுருதியே தடையாக நிற்கும். நமக்குக் கிரகபேதம் தெரியும் என்றாலும், அது சுருதியை மாற்றுவது அல்லவே! எனவே சுருதிப்பெட்டியை நிறுத்திவிட்டு, ரியை நீளமாகப் பிடிக்கச் செய்து, அதையே ‘ஸ’ என்று பெயர் மாற்றிப் பாடச் சொல்கிறேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் குழந்தை வீட்டில் ‘நு’ என்றும் ‘கி’ என்றும் பாடினால், பாட்டு டீச்சர் சொன்ன ‘நி’யும் ‘க’வும் மறந்துவிட்டதோ என்று கவலைப்பட வேண்டாம். அதே ஸ்வரத்தைத்தான், எந்த வகை என்றும் சேர்த்துச் சொல்லிப் பாடுகிறது.