விலை மட்டும் கேட்பவர் வாங்க மாட்டாரா?

நம்பிக்கை: "பிரைஸ் ப்ளீஸ்" என்று மட்டும் அனுப்புகிறவர் சும்மா பார்க்க வந்தவர்.

உண்மை: கல்யாணத்துக்கு ஆரி பிளவுஸ் போட்டுக் கொடுக்கும் பெண்களிடம் உண்மையான ஆர்டர்களும் இப்படித்தான் வருகின்றன. மணப்பெண்ணின் அக்கா ஆபீஸ் வேலைக்கு நடுவே நாலு பேரிடம் ஒரே நேரத்தில் விலை கேட்பார். "முதலில் விவரம் சொல்லுங்க" என்று இழுத்தால், விலை சொன்ன அடுத்தவரிடம் போய்விடுவார். விலையையும் கேள்வியையும் ஒரே பதிலில் அனுப்புங்கள்: "கைக்கும் முதுகுக்கும் இந்த டிசைன் 4,500 ரூபாயிலிருந்து வரும்ங்க. முகூர்த்தம் எப்போ?" வேலை இருப்பவர் தேதியைச் சொல்லிவிடுவார். பொழுதுபோக்காகக் கேட்டவர் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுவார்.

நம்பிக்கை: பட்ஜெட்டைக் கேட்டால் ஆள் தெரிந்துவிடும்.

உண்மை: முதல் முறை ஆரி வேலை கொடுப்பவருக்கு எவ்வளவு ஆகும் என்றே தெரியாது. கூச்சத்தில் குறைத்துச் சொல்வார், அல்லது பதிலே வராது. அதைவிட நல்ல கேள்வி: "பட்டு எடுத்தாச்சா? பிளவுஸ் பிட் கையில இருக்கா?" ஆரி வேலையைத் தைத்த பிளவுஸில் செய்வதில்லை. பிட் துணியில் அளவு வரைந்து, ஃப்ரேமில் இழுத்துக் கட்டி, வேலை முடிந்த பிறகுதான் வெட்டித் தைக்கிறோம். நூலின் நிறத்தையும் பார்டரைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். புடவை கையில் இருப்பவர் பார்டர் போட்டோவை அப்போதே அனுப்பிவிடுவார்.

அடுத்து, "ஆர்டர் கன்ஃபார்ம் தானே?" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் ஆமாம் என்பார்கள். "பிட்டையும் அளவு பிளவுஸையும் என்னிக்கு கூரியர்ல போடுவீங்க?" என்று கேளுங்கள். தேதி, பார்டர் போட்டோ எல்லாம் தந்தவர் இந்த இடத்தில் மௌனமானால், பெரும்பாலும் வீட்டில் இன்னும் ஒருவர் சம்மதிக்கவில்லை என்று அர்த்தம். "அம்மாகிட்ட காட்ட வேற டிசைன் அனுப்பட்டுமா?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

நம்பிக்கை: அட்வான்ஸ் கேட்டால் நல்ல வாடிக்கையாளரும் ஓடிவிடுவார்.

உண்மை: விலை சொன்ன கையோடு கேட்டால் ஓடத்தான் செய்வார். கூரியர் நாள் சொன்ன பிறகு, மணியும் ஜரிகையும் வாங்கப் பாதித் தொகை என்று காரணத்தோடு கேட்டால் தருவார்.

நம்பிக்கை: புடவையே எடுக்காதவரிடம் பேசுவது வீண்.

உண்மை: இந்த நம்பிக்கையால்தான் பெரிய ஆர்டர்கள் கைநழுவுகின்றன. பல குடும்பங்களில் முகூர்த்தப் புடவையை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பார்கள். மணப்பெண் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் பிட் அவர் கையில் இருக்காது. "பட்டு எடுக்க யார் போறாங்க, எந்த நாள்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளுக்கு மறுநாள் காலையில், "புடவை கலர் என்னங்க?" என்று நீங்களே முதலில் கேளுங்கள்.